எண்பதிலிருந்து இருநூற்றிருபதுக்கு

அந்த ஆளின் கையெழுத்து எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அந்த மரப்பட்டறையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவள் ஆணியும் பசையும் எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலாளிகூடக் கேட்டார். வீட்டுக்குப் பக்கம் சார் என்றேன். உண்மையில் இரண்டு பஸ் மாறி வந்தேன்.

அந்த ஆள் என்றால் சூப்பர்வைசர். என் அம்மா அங்கே பதினெட்டு வருடம் மரம் தேய்த்தவள். பட்டறையில் அவளுக்கு நெட்டை என்று பெயர். நெட்டைக்கு ஒரு மகள் இருக்கிறாள், கல்லூரி முடித்திருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்குத் தேவை இருந்ததில்லை. அதனால் அவரிடம் ஒரு பொய்யும் சொல்லாமலேயே நான் அவர் மூக்குக்கு நேரே நான்கு மாதம் உட்கார முடிந்தது.

அம்மாவை வெளியே அனுப்பியது ஒரு மேஜை. ஓர் அலுவலகத்துக்குச் செய்த நீள மேஜை, வெளிர் மரம், அதற்கு அடர்பழுப்புச் சாயம் கேட்டிருந்தார்கள். அம்மா தேய்த்து முடித்த பலகையில் சாயம் போட்டதும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கறுப்புக் கறுப்பாகக் கீறல்கள் எழும்பின. பூனை பிறாண்டியது போல. முதலாளி கத்தினார். சூப்பர்வைசர் அமைதியாகச் சொன்னார்:

"எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை சார். நம்பர் தெரியாம பேப்பரை மாத்தி எடுத்துத் தேய்ச்சிருக்கு."

முதலாளி நம்பினார். எழுத்து தெரியாதவளுக்கு எண்ணும் தெரியாது என்று நம்புவது எவ்வளவு சுலபம்! அம்மாவுக்குத் தெரிந்த எண்களெல்லாம் உப்புத்தாளின் முதுகிலிருந்து கற்றவைதான். அறுபது, எண்பது, நூற்றிருபது, நூற்றெண்பது. எனக்கு இரண்டாம் வகுப்பில் மூன்று இலக்கம் சொல்லிக் கொடுத்தது கிழிந்த உப்புத்தாள் துண்டுகளை வைத்துத்தான். சூப்பர்வைசர் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "இது என்ன நம்பர் சொல்லு" என்று ஒரு தாளை நீட்டினாராம். அம்மா வாயைத் திறக்கவில்லை. அவமானத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். "பார்த்தீங்களா சார்?" என்றாராம்.

அம்மா வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள்தான் பேசினாள்.

"எண்பதும் இருநூத்தி இருபதும் மட்டும் குடுத்தான்டி. நடுவுல எதுவுமே குடுக்கல. கேட்டேன். மூடிக்கிட்டு தேய்ன்னான்."

உப்புத்தாளைப் பற்றி அறியாதவர்களுக்கு இதில் என்ன கொள்ளை என்று தோன்றும். முதுகில் அச்சடித்திருக்கும் எண், சல்லடைக் கண்ணிலிருந்து வந்தது. ஓர் அங்குலத்துக்கு எண்பது கண் உள்ள சல்லடையில் விழும் மணல் எண்பதாம் நம்பர். கண் கூடக் கூட மணல் பொடியாகும். ஆகவே எண் சிறியதென்றால் தாள் முரடு, எண் பெரியதென்றால் நைசு. எண்பதின் மணல் இருநூற்றிருபதின் மணலைப் போல மூன்று மடங்கு பருமன். இழைப்பு மெஷின் விட்டுப்போன அலைகளை எண்பது சட்டென்று எடுத்துவிடும், ஆனால் தன் பங்குக்கு ஆழமான கீறலை விட்டுவிட்டுப் போகும். அந்தக் கீறலை நூற்றிருபது எடுக்க வேண்டும். நூற்றிருபதின் கீறலை நூற்றெண்பது. அதன் கீறலை இருநூற்றிருபது. ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் செய்த காயத்தை ஆற்றுவதுதான். இருக்கிற எண்ணைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் தாவக் கூடாது. எண்பதிலிருந்து நேரே இருநூற்றிருபதுக்குப் போனால் அந்தப் பொடி மணல் கீறலின் கரையை மட்டும் மழுப்பும். பள்ளம் அப்படியே கிடக்கும். தடவினால் வழவழவென்று இருக்கும். கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. சாயம் போடும்வரை.

இந்த இரண்டு தாள் முறையை சூப்பர்வைசர்தான் கொண்டுவந்தார். ஒரு பலகைக்கு அரை நாள் மிச்சம் என்று முதலாளியிடம் காட்டி நல்ல பெயர் வாங்கினார். அது எப்படி இத்தனை நாள் ஓடியது என்பது ஸ்டோருக்கு வந்த இரண்டாவது வாரத்தில் எனக்குப் புரிந்தது. குட்டையக்கா என்று ஒருத்தி, அம்மாவின் சிநேகிதி, தேய்க்கும் பெண்களில் மூத்தவள். அவளுக்கு மட்டும் நான் யார் என்று தெரியும். ஒருநாள் ஜன்னலோரம் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணு, குப்பைக்குப் போற பழைய நூத்தி இருபது இருந்தா என் பக்கம் தள்ளேன்."

"எதுக்குக்கா? உங்களுக்குத்தான் எண்பதும் இருநூத்தி இருபதும் போதுமே."

"போதும்தான். அந்த மகராசன் மண்டைக்குள்ள இருக்கிறதுக்கு ரெண்டே போதும். மரத்துக்கு நாலு வேணும்ல."

இடுப்புத் துணியை விலக்கிக் காட்டினாள். உள்ளே மடித்து வைத்த துண்டுகள், தேய்ந்துபோன நூற்றிருபதும் நூற்றெண்பதும். எல்லாப் பெண்களிடமும் இருந்தன. அந்த ஆள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் எடுத்துத் தேய்ப்பார்கள், காலடிச் சத்தம் கேட்டால் செருகிக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்தையும் அதற்கே கொடுத்தார்கள். அவர் முறை வெற்றி பெற்றது இவர்களின் இடுப்பால். மேஜைக்கு முந்தின நாள் மட்டும் அவர் திடீர்ச் சோதனை போட்டு அத்தனை துண்டுகளையும் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்கிறார். மறுநாள் அம்மாவிடம் ஒன்றுகூட இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். அதற்குத்தான் தண்டனை.

அன்றிலிருந்து நான் சீட்டு முறை கொண்டுவந்தேன். எந்த எண், எத்தனை தாள், யாருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தாள். தாளை நான்காகக் கிழித்தால் சில துண்டுகளில் எண் இருக்காது என்று சாக்குச் சொல்லி, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் நானே பேனாவால் எண் எழுதி, அதன் பக்கத்திலும் அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன்.

"என்னம்மா இது, கலெக்டர் ஆபீஸா நடத்துற?" என்றார் முதல் நாள்.

"உங்க கையெழுத்து அழகா இருக்கு சார், அதான்."

பல் தெரியச் சிரித்தார். அதன்பின் நான் கேட்காமலேயே வளைத்து வளைத்துப் போட ஆரம்பித்தார். நான்கு மாதச் சீட்டில் நூற்றிருபது என்ற எண்ணே கிடையாது.

வாய்ப்பு ஒரு ஹோட்டல் ரூபத்தில் வந்தது. நாற்பது மேஜைகள். வெளிர் நிறம், நெருக்கமான ரேகை உள்ள மரம், அதற்கு அடர்பழுப்புச் சாயம். அந்தப் பழைய மேஜையின் அதே ஜாதகம். ஹோட்டல் சார்பாக ஒரு பெண்மணி நேரில் வந்து மாதிரிப் பலகை ஒன்றைத் தேய்த்துச் சாயம் போடுவதைப் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம்.

குட்டையக்கா என் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். "எங்க துண்டை அந்தம்மா எதிர்ல எப்படிடி எடுக்கிறது? கீறல் வந்தா அடுத்து நான்தான். எனக்கும் எழுத்து தெரியாது."

"நீங்க தேய்க்கப் போறதில்லக்கா."

முதலாளியிடம் போனேன். "சார், ரெண்டு பேப்பர்ல முடிக்கிற முறையைக் கண்டுபிடிச்சதே நம்ம சூப்பர்வைசர். அவரே தேய்ச்சுக் காட்டினா ஹோட்டல் அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை வரும். குட்டையக்கா கையெல்லாம் வேண்டாம் சார்."

சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "பண்ணிட்டாப் போச்சு சார். பொம்பளைங்க அரை நாள் இழுக்கிறதை நான் அரை மணியில முடிக்கிறேன்."

அவர் பெண்கள் இடுப்பில் செருகியிருந்ததைப் பிடுங்கியவர்தான். ஆனால் அந்தத் துண்டுகள் எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. திருட்டு என்று மட்டும் நினைத்தார். தன் முறை தானாகவே நடக்கிறது என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கைமேல்தான் நான் பந்தயம் கட்டினேன்.

ஹோட்டல் அம்மா காலை பத்து மணிக்கு வந்தார். குட்டையான முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, அதிகம் பேசாதவர். ஆறடிப் பலகையை மேடைமேல் போட்டோம். சரிபாதியில் ஒட்டுத் தாள் ஒட்டி, ஒரு பாதி மட்டும் இப்போது என்றார் முதலாளி. சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வந்து தாள் கேட்டார்.

"என்ன நம்பர் சார்?"

"தெரியாத மாதிரி கேக்குற? எண்பது, இருநூத்தி இருபது."

"நடுவுல எதுவும் வேண்டாமா?"

ஒரு முறை கேட்க வேண்டும் என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் ஒரு முறை கேட்டாள்.

"உன் வேலையை நீ பாரும்மா."

கையெழுத்துப் போட்டார், சுழித்து. நான் என் வேலையைப் பார்த்தேன்.

நன்றாகத்தான் தேய்த்தார். அதையும் சொல்லிவிடுகிறேன். தாளை மரக்கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே, அழுத்தம் மாறாமல் இழுத்தார். கையில் குறை இல்லை. எண்பதில் மெஷின் அலைகள் போயின. தூசியைத் துடைக்காமலேயே இருநூற்றிருபதை எடுத்தார். துடைக்காவிட்டால் எண்பதின் மணல் ஒன்றிரண்டு மேலேயே தங்கி, நைசு தாளுக்கு அடியில் உருண்டு புதுக் கீறல் போடும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது. குட்டையக்கா அவள் காலை மிதித்தாள்.

அப்போதுதான் வெயில் பக்கவாட்டு ஜன்னல் வழியாகச் சாய்ந்து பலகைமேல் விழத் தொடங்கியது. சாய்ந்த வெளிச்சம் கீறலைக் காட்டிக் கொடுத்துவிடும். நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, தலைமுடி போல நீள நீளமாய். முதலாளி பார்த்தால் நிறுத்திவிடுவார், பெண்களைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்வார், அந்த ஆள் தப்பித்துவிடுவார். மூன்றே எட்டில் அந்த ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். வெயில் சுட்டது. நகரவில்லை.

முடித்தார். ஹோட்டல் அம்மா தடவிப் பார்த்தார். "நல்லா வழவழப்பா இருக்கே!"

முதலாளி தடவினார். அவர் முகமெல்லாம் மலர்ச்சி. சூப்பர்வைசர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சாயம் எனக்குத் துரோகம் செய்தால்? நான் படித்தது எல்லாம் பொய்யாகிவிட்டால்?

சாயத்தைத் துணியில் தோய்த்து இழுத்து, ஒரு நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில் கீறல்கள் ஒவ்வொன்றாக எழும்பின. பள்ளத்தில் புகுந்த சாயம் வெளியே வர மறுத்துக் கறுத்தது. அவர் இன்னும் அழுத்தித் துடைத்தார். இன்னும் கறுத்தது. அந்தப் பாதி முழுக்கப் பூனை பிறாண்டல்.

ஹோட்டல் அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "என்னங்க இது?"

சூப்பர்வைசர் சுற்றும் முற்றும் பார்த்தார். யாராவது ஒருத்தி வேண்டுமே! தேய்த்த கைக்குச் சொந்தக்காரி ஒருத்தி. பெண்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சுத்தமாக நின்றார்கள். தூசி இருந்தது அவர் கையில் மட்டும்.

"ஸ்டோர் பொண்ணு தப்பான பேப்பர் குடுத்திருக்கு சார்" என்றார். "நம்பர் மாறிப் போச்சு."

நான் காத்திருந்தது இதற்குத்தான். அதே பொய், ஆள் மட்டும் மாறி.

"கட்டையில சுத்தியிருக்கிற பேப்பரை எடுத்துத் திருப்புங்க சார்."

திருப்பவில்லை. முதலாளி பிடுங்கித் திருப்பினார்.

"இருநூத்தி இருபது. பக்கத்துல உன் கையெழுத்துய்யா."

"கீழ கிடக்கிறதையும் பாருங்க சார். எண்பது. அதுலயும் இருக்கும். இந்தாங்க, நாலு மாசச் சீட்டு. ஒரு சீட்டுல நூத்தி இருபதோ நூத்தி எண்பதோ இருந்தா நான் இப்பவே வீட்டுக்குப் போயிடுறேன்."

"அப்போ சாயம் சரியில்ல சார்" என்றார்.

"சாயம் சரியா இல்லையான்னு பாத்திடலாமே" என்றேன். "மறுபாதி சும்மாத்தானே இருக்கு. அக்கா, எடுங்க."

குட்டையக்கா முதலாளியைப் பார்த்தாள். பிறகு எல்லோர் எதிரிலும் இடுப்புத் துணிக்குள் கைவிட்டுத் துண்டுகளை எடுத்து மேடைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். சின்னக் குவியல் சேர்ந்தது.

"இது என்னம்மா?" என்றார் முதலாளி.

"நீங்க இத்தனை நாள் பாராட்டினது சார்" என்றாள் குட்டையக்கா.

மூன்று பேர் சேர்ந்து தேய்த்தார்கள். எண்பது முடிந்ததும் ஈரமில்லாத துணியால் துடைத்து, பென்சிலால் பலகை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கிறுக்கினாள் குட்டையக்கா. ஹோட்டல் அம்மா ஏன் என்று கேட்டார். "கிறுக்கல் எல்லா இடத்துலயும் மறைஞ்சாத்தாம்மா இந்தப் பேப்பர் ஒரு இடம் விடாம ஓடியிருக்குன்னு அர்த்தம். அப்புறமா வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்து, பழைய கீறல் போச்சான்னு உறுதி பண்ணிக்கணும்." நூற்றிருபது. துடைப்பு, கிறுக்கல். நூற்றெண்பது. துடைப்பு, கிறுக்கல். இருநூற்றிருபது. அங்கே நிறுத்தினார்கள். முதலாளி இன்னும் நைசாகப் போடலாமே என்றார். அதற்கு மேல் போனால் மரம் பளபளத்து மூடிக்கொள்ளும், சாயம் இறங்காது என்று நான் சொன்னேன். சாயம் போட்டார்கள். மரத்தின் ரேகை மட்டும் எழுந்து நின்றது.

ஹோட்டல் அம்மா இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு நாற்பதும் இந்தப் பக்கம் மாதிரி வேணும். கூடவே, இதைச் சோதிச்சு விடறதுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கணும். நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பினார்.

அவர் கார் போனதும் முதலாளி நெற்றியைத் துடைத்தார். "யார் இருக்கா, இதெல்லாம் பார்த்துச் சொல்ல?"

"நெட்டை இருந்துச்சு சார்" என்றாள் குட்டையக்கா. "எங்களுக்கெல்லாம் கண்ணு அதுதான்."

"அதுக்குத்தான் நம்பரே தெரியாதே."

"யார் சொன்னாங்க?" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அவங்க எங்க அம்மா. நம்பர் தெரியாதுன்னு சொன்ன வாய் இங்கதான் நிக்குது. அதையே கேளுங்க."

சூப்பர்வைசரின் முகத்தை நான் வாழ்நாள் முழுக்க ஞாபகம் வைத்திருப்பேன். என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார். என் உயரத்தை அப்போதுதான் முதன்முதலாகக் கவனித்தார்.

"விடும்மா, பெரிசு பண்ணாதே" என்றார் முதலாளி. "அம்மாவை நாளைக்கு வரச் சொல்லு. பழைய வேலை கண்டிப்பா உண்டு."

"எல்லார் முன்னாடியும்தானே சார் இவர் பேசினாரு? எல்லார் முன்னாடியும் மாத்திச் சொல்லட்டும். அப்புறம் அம்மாகிட்ட கேக்குறேன்."

முதலாளி அவரைப் பார்த்தார். நாற்பது மேஜை கைநழுவக் கூடாதே.

"அந்தம்மாவுக்கு நம்பர் தெரியும்னு சொல்றாங்க" என்று முனகினார் சூப்பர்வைசர்.

"சொல்றாங்களா, தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கு நீங்க என்ன நம்பர் குடுத்தீங்க?"

கையிலிருந்த தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"எண்பது. இருநூத்தி இருபது."

"அவங்க என்ன கேட்டாங்க?"

"நூத்தி இருபது."

அம்மாவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "தூசியைத் துடைச்சானா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"நெனச்சேன்." பிறகு, "வர்றேன்னு சொல்லு. சோதிக்கிற வேலைன்னா மட்டும். ஆனா அவன் கீறினதை அவன்தான் எடுக்கணும். வேற எவளும் தொடக் கூடாது. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்."

மறுநாள் அம்மா எட்டு மாதம் கழித்து உள்ளே வந்தாள். நிமிர்ந்து வந்தாள். முதலாளி ஸ்டூல் போட்டார். ஹோட்டல் அம்மா மதியம் வருவதற்குள் அந்தப் பாதி சரியாக வேண்டும். சாயம் இறங்கிய கீறலுக்குக் குறுக்கு வழி கிடையாது. மீண்டும் எண்பதில் ஆரம்பித்துப் பள்ளத்தின் அடிவரை மரத்தை இறக்க வேண்டும்.

சூப்பர்வைசர் என் ஜன்னலுக்கு வந்தார். கண்ணைப் பார்க்கவில்லை. "எண்பது குடும்மா."

"கையெழுத்து?"

போட்டார். சுழிக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் தேய்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேலை செய்துகொண்டே பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். "அண்ணே, அரை மணின்னு சொன்னீங்களே" என்றாள் சோடாபுட்டி. அவர் தலையைத் தூக்காமல் தேய்த்தார். பிறகு நூற்றிருபது கேட்டு வந்தார். நான்கு மாதத்தில் முதல் முறையாக அந்த எண்ணைச் சீட்டில் எழுதினேன். மெதுவாக எழுதினேன். கொஞ்சம் பாவமாக இருந்திருக்க வேண்டுமோ என்னவோ. இருக்கவில்லை.

அம்மா பென்சிலால் கிறுக்கினாள். அவர் தேய்த்தார். கிறுக்கல் மறைந்தது. நூற்றெண்பதுக்கு எழுந்தார்.

"இருங்க" என்றாள் அம்மா.

ஸ்டூலிலிருந்து எழுந்து, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும் பக்கம் போய்க் குனிந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தாள். நானும் போய்ப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு கீறலும் தெரியவில்லை.

"ஓரத்துல எண்பது இன்னும் கிடக்கு" என்றாள் அம்மா.

"எங்க?" என்றார் அவர்.

அம்மா பென்சிலை எடுத்து அந்தப் பாதி முழுவதையும், ஓரம் நடு என்று பார்க்காமல், நிதானமாக, நெருக்க நெருக்கமாகக் கிறுக்கினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"நூத்தி இருபது. முதல்லேர்ந்து."